ஷவர் தலையில் இடிக்கிறதா?

சுவரில் ஷவர் குழாய் 6 அடி 3 அங்குலத்தில் வெளிவருகிறது. அதில் மாட்டிய கை கீழ்நோக்கி வளைவதால், ஷவர் தலை 5 அடி 10 அங்குலத்துக்கு இறங்கிவிடும். ஆறடி மகன் குனிந்துதான் குளிக்க வேண்டும். இதற்காக டைல்ஸை உடைக்காதீர்கள்; மேல்நோக்கி எழும் ‘எஸ்’ வடிவக் கை போதும். பழையதை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். புதியதன் மரையில் டெஃப்லான் டேப்பை வலப்பக்கமாகச் சுற்றி, கையாலேயே முறுக்குங்கள். ஸ்பேனரை வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு விரிசல் விடக்கூடும். பிறகு தண்ணீரைத் திறந்து, சுவரை ஒட்டிய மூடியை நகர்த்தி ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

குள்ளமான அம்மாவுக்கு? உருண்டை மூட்டைத் திருப்பி, தண்ணீர் முகத்தில் அடிக்காமல் தோளில் விழும்படி சாய்த்துவிடுங்கள். அதிகம் சாய்த்தால் எதிர்ச்சுவர்தான் நனையும்.