‘வந்துருச்சா?’: கல்லாவுக்கு உள்ளே நிற்கும் கேமரா

கியூஆர் கட்டணத்தை விளக்கும் காணொளிகளில் கேமரா பெரும்பாலும் வாடிக்கையாளர் பக்கம்தான் நிற்கிறது. ஓர் இளைஞர் கைப்பேசியை நீட்டுகிறார், ஸ்கேன் செய்கிறார், தொகையைத் தட்டுகிறார், பச்சை அடையாளம் தெரிகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். படம் முடிந்துவிடுகிறது. முப்பது நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த ஒரு பெரியவருக்கு அங்கேதான் கேள்வியே தொடங்குகிறது. பணம் எனக்கு வந்ததா? வந்ததை நான் எதில் பார்ப்பது? நோட்டை விரலில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதருக்கு அதற்கு ஈடாக ஒன்றைக் காட்டாமல் ‘சுலபம்தான் ஐயா’ என்று சொல்வது நியாயமில்லை.

சாலாக் செலாத்தானில் உள்ளதைப் போன்ற ஒரு சிறிய மளிகைக் கடையை மனத்தில் வைத்து, ஒன்றரை நிமிடக் காணொளிக்கான வசனக் குறிப்பு ஒன்றை இந்த வாரம் தருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கூட்டம் நெரியும் கடைகளில் இளையவர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். தனியாகக் கடை நடத்துகிற பெரியவருக்குத்தான் இது வேண்டும்.

முதலில் கியூஆர் அட்டையைப் பற்றிக் கொஞ்சம். மின்பணப்பைகள் வந்த புதிதில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அட்டை கொடுத்தது. கல்லா மேசையில் நான்கைந்து அட்டைகள் வரிசையாக நின்றன. எந்த வங்கியிலிருந்தும் எந்தப் பணப்பையிலிருந்தும் பணம் ஒன்றுக்கொன்று போய்ச் சேர வேண்டும் என்று பேங்க் நெகாரா 2018-இல் விதிமுறை கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக பேநெட் நிறுவனம் 2019-இல் DuitNow QR என்ற பொது அட்டையை அறிமுகப்படுத்தியது. இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது அதுதான். 2020 தொடக்கத்தில் ஈ-துனாய் ராக்யாட் என்று ஆளுக்கு 30 வெள்ளி பணப்பைகளில் வந்தது. அதே ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. நோட்டைத் தொடவே மக்கள் யோசித்த அந்த மாதங்களில் பல கடைகளுக்குள் அட்டை வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த விதத்தில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கடைகளில் அதை ஏற்பாடு செய்தவர் மகனோ மகளோதான். கணக்கு மகன் பெயரில் இருக்கும், பணம் வந்த செய்தியும் மகனின் கைப்பேசிக்குத்தான் போகும். மகன் சைபர்ஜெயாவில் அலுவலகத்தில் இருப்பான். அப்பா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பித் தலையாட்ட வேண்டியதுதான். இந்த நிலையில் அவர் கியூஆரை வெறுத்தால் அவர்மேல் தப்பே இல்லை. ஆகவே படம் எடுக்கும் முன், பணம் வந்த செய்தி கடையில் இருக்கும் கைப்பேசிக்கு வரும்படி மாற்றுங்கள். பல வணிகர் செயலிகளில் கடையில் நிற்பவருக்கென்று தனி நுழைவு கொடுக்கலாம். அவர் வரவை மட்டும் பார்ப்பார், பணத்தை எடுக்க முடியாது. இல்லையென்றால் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கி வைக்கலாம். தமிழ்நாட்டு டீக்கடைகளில் அது தமிழிலேயே தொகையைச் சொல்கிறது. கண் மங்கியவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அதற்கு இணையத் தொடர்பும் சார்ஜும் வேண்டும். பெட்டி பேசாமல் இருந்தால் பணம் வரவில்லை என்றும் ஆகலாம், பெட்டி செத்துவிட்டது என்றும் ஆகலாம். அப்போது செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இனி வசனக் குறிப்பு. கேமரா பெரியவரின் வலது தோளுக்குப் பின்னால், கல்லாவுக்கு உள்ளே நிற்கிறது. அவர் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம்.

காட்சி 1. காலை. பெரியவரின் கை அட்டையின் ஓரங்களை விரலால் தடவுகிறது. மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். பக்கத்துக் கடைத் தம்பி தன் கைப்பேசியில் அட்டையை ஸ்கேன் செய்கிறார், பணம் கட்டவில்லை.
பெரியவர்: என்னா பேரு காட்டுது தம்பி?
தம்பி: உங்க கடைப் பேருதான் ஐயா.
பெரியவர்: அப்ப சரி.

காட்சி 2. பெண் ஒருவர் பருப்பு, எண்ணெய், கொத்தமல்லி எல்லாம் மேசையில் வைக்கிறார். கணக்குப் பொறியில் 23.40.
பெண்: ஐயா, கியூஆர்ல கட்டலாமா?
பெரியவர்: கட்டும்மா. இருவத்து மூணு வெள்ளி நாப்பது காசு.
அட்டையை அவர் பக்கம் திருப்பி வைக்கிறார். அந்தப் பெண் தொகையைத் தட்டுகிறார்.
பெரியவர்: எவ்வளவு போட்டீங்க, படிச்சுச் சொல்லுங்க.
பெண்: இருவத்து மூணு நாப்பது.

காட்சி 3. அந்தப் பெண் தன் திரையை நீட்டுகிறார். அதில் Successful என்று இருக்கிறது.
பெண்: கட்டிட்டேன் ஐயா.
பெரியவர் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. தன் கைப்பேசியைப் பார்க்கிறார். கேமராவும் அதையே பார்க்கிறது. மூன்று விநாடி அமைதி. செய்தி வருகிறது: RM 23.40.
பெரியவர்: வந்துருச்சும்மா. நன்றி.
அதன் பிறகுதான் பை கைமாறுகிறது.

காட்சி 4. இளைஞர் ஒருவர் அவசரமாகத் திரையைக் காட்டுகிறார்.
இளைஞர்: கட்டியாச்சு அங்கிள், பாருங்க.
பெரியவர்: எனக்கு இன்னும் வரல தம்பி. கொஞ்சம் இருங்க.
செயலியில் வரவுப் பட்டியலைத் திறக்கிறார். கடைசி வரியில் பழைய 23.40-தான் இருக்கிறது.
பெரியவர்: வரல தம்பி. உங்க பேங்க்குல கேட்டுப் பாருங்க. இப்ப ரொக்கமா குடுங்க, இல்லேன்னா சாமான இங்க வெச்சுட்டுப் போங்க, எடுத்து வெக்கிறேன்.

காட்சி 5. இரவு. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி: ரொக்கம் எவ்வளவு, கியூஆர் எவ்வளவு. கியூஆர் தொகையைச் செயலியின் அன்றைய மொத்தத்தோடு ஒத்துப் பார்க்கிறார். புத்தகத்தை மூடுகிறார்.

இதில் நான்காம் காட்சியை வெட்டிவிடச் சொல்லி யாராவது கேட்பார்கள். பயமுறுத்துவதுபோல் இருக்கிறதாம். வெட்டாதீர்கள். திரையில் தெரியும் படத்தைத் தொகையும் நேரமும் மாற்றி யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நேற்றுக் கட்டியதன் படத்தை இன்று காட்டலாம். வாடிக்கையாளர் திரையில் என்ன தெரிந்தாலும் அது கடைக்காரருக்கு ரசீது ஆகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பெரியவருக்குப் பயம் குறைகிறது, ஏனென்றால் சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இளைஞரை ஏமாற்றுக்காரராக நடிக்க வைக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இணையம் தடைப்பட்டு, அவர் கணக்கில் கழிந்தும் கடைக்கு வராமல் நிற்கலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்று கடைக்காரர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. தன் பட்டியலில் வரி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். வாடிக்கையாளரிடம் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு அவருடைய வங்கி அதைத் தேடிக் கொடுக்கும்.

இரண்டாம் காட்சியில் தொகையைப் படிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மேசையில் நிற்கும் அட்டைக்கு விலை தெரியாது. வாடிக்கையாளர் தட்டுவதுதான் தொகை. 23.40-க்குப் பதில் 2.34 என்று தட்டினாலும் அவர் திரையில் வெற்றி என்றுதான் வரும், கடைக்காரருக்கும் செய்தி வரும். ஓசை கேட்டதும் பையைக் கொடுத்துவிட்டால் இருபத்தொரு வெள்ளி போய்விடும். ஓசை கேட்டால் போதாது, எண்ணையும் பார்க்க வேண்டும்.

காசு விஷயத்தில் இன்னொன்று. நம் நாட்டில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோம். பில் 23.38 என்றால் ரொக்கமாக 23.40 வாங்குவோம். அந்தச் சரிக்கட்டல் ரொக்கத்துக்கு மட்டும்தான், கியூஆரில் 23.38 அப்படியே வர வேண்டும். பழக்கத்தில் 23.40 கேட்டுவிட்டால் இரவுக் கணக்கில் இரண்டு காசு இரண்டு காசாக இடிக்கும், பெரியவர் ‘மெஷின் தப்பு பண்ணுது’ என்பார்.

முதல் காட்சியில் பெயரைக் கேட்பது அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டும் திருட்டுக்காக. பெயர்ப் பலகையில் ஒரு பெயரும், எஸ்எஸ்எம்மில் பதிந்த பெயர் வேறாகவும் இருக்கும் கடைகள் உண்டு. ஸ்கேன் செய்தால் பதிந்த பெயரோ கணக்கு வைத்திருப்பவர் பெயரோதான் வரும். ‘இது உங்க கடைதானா?’ என்று வாடிக்கையாளர் தயங்கினால் பெரியவர் திகைக்கக் கூடாது. அந்தப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வேறு பெயர் வந்துவிட்டால் அட்டையை உடனே எடுத்துவிட்டு வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணம் போன வாடிக்கையாளர் தன் வங்கியையோ, 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

கட்டணம் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். 2023 அக்டோபரில், நவம்பர் முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பார்கள் என்ற செய்தி பரவி, பெரிய சர்ச்சையாகி, பிறகு பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்தன. தள்ளுபடி வங்கிக்கு வங்கி, வருடத்துக்கு வருடம் மாறும். படத்தில் சொன்ன எண் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போடும்போது மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நூற்றுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், பணம் உடனே வருமா மறுநாளா, தள்ளுபடி எதுவரை. ‘கியூஆர் வெச்சா வரிக்காரன் பாப்பானே’ என்று கேட்பவருக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. ரொக்கமாக வந்தாலும் கைப்பேசியில் வந்தாலும் விற்பனை விற்பனைதான், இரண்டும் கணக்கில் வர வேண்டும்.

படம் எடுக்கும்போது உண்மையிலேயே பணத்தைக் கட்டி எடுங்கள். நடிப்புக்காகத் திரையை ஒட்டிச் சேர்த்தால் அந்த மூன்று விநாடிக் காத்திருப்பு காணாமல் போய்விடும். பெரியவர்களுக்குப் பழக வேண்டியதே அந்தக் காத்திருப்புதான். இசை வேண்டாம், செய்தி வரும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். கைப்பேசித் திரை வரும் இடங்களில் ஐந்து விநாடியாவது நிறுத்துங்கள். கணக்கு எண்ணும் மற்றவர் பெயர்களும் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

போட்டுக் காட்டியபின் ‘புரிஞ்சுதா ஐயா?’ என்று கேட்காதீர்கள். ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார். அவர் கடையிலேயே ஒரு வெள்ளி கட்டி, செய்தி வருகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கட்டாமலே பழைய படம் ஒன்றைக் காட்டி, ‘கட்டிட்டேன் ஐயா’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கண் உங்கள் கைப்பேசிக்குப் போனால் மூன்றாம் காட்சியை மறுபடி போடுங்கள். தன் கைப்பேசிக்குப் போனால் அட்டையை மேசையில் வைக்கலாம்.

கூடுதலாகக் கட்டிவிட்டேன், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? அதற்குத் தனிக் காணொளி வேண்டும். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.