நான்கு சிறிய அணிகள்: ஐகன் மதிப்புகளில் சரியா, தவறா?

A என்ற சதுர அணி, பூச்சியமல்லாத v என்ற வெக்டரைத் திசை மாற்றாமல் ஓர் எண்ணால் மட்டும் பெருக்கி, Av = λv என்று ஆக்கினால், λ அந்த அணியின் ஐகன் மதிப்பு; v அதன் ஐகன் வெக்டர். v பூச்சியமாக இருக்கக்கூடாது. λ பூச்சியமாக இருக்கலாம். 'பூச்சியம் ஐகன் மதிப்பாக இருக்க முடியாது' என்ற கூற்றுக்குப் பலர் சரி என்று குறித்துவிடுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். நேர்மாறு இல்லாத ஒவ்வோர் அணிக்கும் பூச்சியம் ஓர் ஐகன் மதிப்பே.

'சரியா, தவறா' வகைக் கேள்விகளில் நீண்ட நிறுவல் எழுத நேரம் கிடையாது. ஒரு கூற்று தவறு என்று காட்ட ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதும். அதுவும் பெரும்பாலும் 2×2 அணியாகவே கிடைத்துவிடும். 2×2 அணியின் ஐகன் மதிப்புகளைக் காண இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலே ஐகன் மதிப்புகளின் கூடுதல். இதற்குச் சுவடு என்று பெயர். அணிக்கோவையின் மதிப்பே அவற்றின் பெருக்கற்பலன். கையோடு வைத்திருக்க வேண்டிய அணிகள் நான்கு:

```
N = [0 1]    J = [1 1]    R = [0 -1]    S = [1 2]
    [0 0]        [0 1]        [1  0]        [2 1]
```

இவற்றில் N மிகவும் பயன் தருவது. அதன் சுவடும் பூச்சியம், அணிக்கோவையும் பூச்சியம். ஆகவே இரண்டு ஐகன் மதிப்புகளும் பூச்சியம். ஆனால் N பூச்சிய அணி அல்ல. 'எல்லா ஐகன் மதிப்புகளும் பூச்சியமானால் A பூச்சிய அணி' என்ற கூற்று இதனால் விழுந்துவிடுகிறது. அதில் எஞ்சும் உண்மை வேறு: n வரிசை கொண்ட அணியின் எல்லா ஐகன் மதிப்புகளும் பூச்சியமானால் Aⁿ = 0. கெய்லி–ஹாமில்ட்டன் தேற்றத்திலிருந்து இது நேராக வருகிறது. N-ஐ ஒருமுறை தன்னால் பெருக்கிப் பார்த்தாலே பூச்சிய அணி கிடைக்கும்.

N-இன் ஐகன் வெக்டர்களையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். (x, y) என்ற வெக்டரை N, (y, 0) ஆக மாற்றுகிறது. இது (0, 0) ஆக வேண்டுமானால் y = 0. ஆக, x அச்சின் திசையைத் தவிர வேறு எதிலும் ஐகன் வெக்டர் இல்லை. 2×2 அணியை மூலைவிட்ட அணியாக மாற்ற நேரியல் சார்பற்ற இரண்டு ஐகன் வெக்டர்கள் வேண்டும். N-இடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே அதை மூலைவிட்டமாக்க முடியாது. J-க்கும் இதே நிலைதான், ஏனெனில் J என்பது I + N. அலகு அணியைக் கூட்டுவதால் ஐகன் மதிப்புகள் ஒவ்வொன்றும் 1 கூடுகின்றன. ஐகன் வெக்டர்கள் மாறுவதில்லை.

தேர்வுகளில் அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தை J தீர்த்துவைக்கிறது. நேர்மாறு இருப்பதும் மூலைவிட்டமாக்க முடிவதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பண்புகள். J-இன் அணிக்கோவை 1, ஆகவே அதற்கு நேர்மாறு உண்டு. ஆனால் மூலைவிட்டமாக்க முடியாது. பூச்சிய அணி ஏற்கெனவே மூலைவிட்ட அணி. அதற்கு நேர்மாறு இல்லை. முதல் பண்பு, பூச்சியம் ஐகன் மதிப்பா என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, போதுமான ஐகன் வெக்டர்கள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. 'n வெவ்வேறு ஐகன் மதிப்புகள் இருந்தால் மூலைவிட்டமாக்கலாம்' என்பது சரி. அதன் மறுதலை தவறு. அலகு அணிக்கு 1 மட்டுமே ஐகன் மதிப்பு, இருந்தும் அது மூலைவிட்ட அணிதான்.

'ஒரே ஐகன் மதிப்புகள் கொண்ட இரண்டு அணிகள் வடிவொத்தவை' என்ற கூற்றும் இங்கேயே வீழ்கிறது. B = P⁻¹AP என்று எழுத முடிந்தால் A, B இரண்டும் வடிவொத்தவை. I, J இரண்டுக்கும் ஐகன் மதிப்புகள் 1, 1. ஆனால் எந்த P-ஐ எடுத்தாலும் P⁻¹IP என்பது I ஆகவே இருக்கும். J ஒருபோதும் ஆகாது.

கூட்டலிலும் பெருக்கலிலும்தான் பொறிகள் அதிகம். 'λ என்பது A-இன் ஐகன் மதிப்பு, μ என்பது B-இன் ஐகன் மதிப்பு எனில் λ + μ என்பது A + B-இன் ஐகன் மதிப்பு' என்ற கூற்று பார்வைக்கு இயல்பாக இருக்கிறது. N-ஐயும், அதன் நிரைகளை நிரல்களாக மாற்றிக் கிடைக்கும் Nᵀ-ஐயும் எடுத்தால், இரண்டுக்கும் பூச்சியம் மட்டுமே ஐகன் மதிப்பு.

```
N + Nᵀ = [0 1]    N Nᵀ = [1 0]
         [1 0]           [0 0]
```

கூட்டல் அணியின் ஐகன் மதிப்புகள் 1, −1. பெருக்கல் அணியின் ஐகன் மதிப்புகள் 1, 0. இரண்டு பூச்சியங்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் 1 வராது. ஒரே எடுத்துக்காட்டில் கூட்டல் கூற்றும், 'AB-இன் ஒவ்வோர் ஐகன் மதிப்பும் A, B ஆகியவற்றின் ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலனே' என்ற கூற்றும் தவறாகிவிட்டன.

காரணத்தையும் பார்த்துவிடலாம். Av = λv, Bv = μv என இரண்டிலும் அதே v இருந்தால் (A + B)v = (λ + μ)v என்று எழுதலாம். N-இன் ஐகன் வெக்டர் x அச்சில், Nᵀ-இன் ஐகன் வெக்டர் y அச்சில் இருக்கின்றன. பொதுவான v இல்லாததால் கூட்டவும் வழியில்லை. இதே எடுத்துக்காட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: A-க்கும் Aᵀ-க்கும் ஐகன் மதிப்புகள் எப்போதும் ஒன்றே, ஐகன் வெக்டர்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. A², A⁻¹, A + 5I போன்றவற்றில் A-இன் ஐகன் வெக்டர்களே தொடர்வதால் λ², 1/λ, λ + 5 என்று தயக்கமின்றி எழுதலாம். தனித்தனி ஐகன் மதிப்புகள் கூடாவிட்டாலும் அவற்றின் மொத்தக் கூடுதல் எப்போதும் கூடும், ஏனெனில் சுவடு அப்படிப்பட்டது. மேலே 1 + (−1) = 0 என்று அது பொருந்துவதைக் காணலாம்.

'AB, BA இரண்டுக்கும் ஒரே ஐகன் மதிப்புகள்' என்பது சதுர அணிகளுக்குச் சரியான கூற்று. அதை ஒட்டியே 'AB, BA வடிவொத்தவை' என்ற தவறான கூற்றும் வினாத்தாளில் நிற்கும். முதல் நிரையில் 1, 0. இரண்டாம் நிரையில் 0, 0 கொண்ட அணியை E என்று வைத்தால், NE பூச்சிய அணி. EN என்பது N. இரண்டுக்கும் ஐகன் மதிப்புகள் பூச்சியங்களே, ஆனால் பூச்சிய அணி தன்னைத் தவிர வேறு எதனோடும் வடிவொத்திருக்காது. A, B இரண்டில் ஒன்றுக்காவது நேர்மாறு இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

மதிப்பெண்ணை அதிகம் பறிக்கும் பிழை நிரைச் செயல்களில் நிகழ்கிறது. சமன்பாடுகளைத் தீர்க்கும் பழக்கத்தில், அணியை முதலில் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டத்தில் உள்ளவற்றை ஐகன் மதிப்புகள் என்று எழுதிவிடுகிறார்கள். முக்கோண அணியில் மூலைவிட்ட உறுப்புகள்தான் ஐகன் மதிப்புகள் என்பது உண்மை. ஆனால் அது கொடுக்கப்பட்ட அணியே முக்கோண அணியாக இருந்தால் மட்டும். S-இல் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இருமடங்கைக் கழித்தால் கிடைப்பது:

```
[1  2]
[0 -3]
```

இதன் ஐகன் மதிப்புகள் 1, −3. S-இன் சுவடு 2, அணிக்கோவை −3. ஆகவே அதன் உண்மையான ஐகன் மதிப்புகள் 3, −1. நிரைச் செயல் அணிக்கோவையை மாற்றவில்லை, அதனால் பெருக்கற்பலன் இரண்டிலும் −3 தான். சுவடு மட்டும் 2-இலிருந்து −2 ஆகிவிட்டது. விடையை எழுதும் முன் ஐகன் மதிப்புகளைக் கூட்டி, முதலில் கொடுத்த அணியின் சுவடோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

S இன்னொரு கூற்றையும் மறுக்கிறது. உறுப்புகள் எல்லாம் மிகை எண்களாக இருந்தும் −1 என்ற ஐகன் மதிப்பு வந்திருப்பதால், 'மிகை உறுப்புகள் கொண்ட அணிக்கு மிகை ஐகன் மதிப்புகளே உண்டு' என்பது தவறு. ஆனால் S சமச்சீர் அணி என்பதால் அதன் ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாகத்தான் இருக்க முடியும். மெய்யெண் சமச்சீர் அணிகளுக்கு இதை 1829-இல் கோஷி நிறுவினார். கேள்வியில் 'மெய்யெண்' என்ற சொல் விடுபட்டிருந்தால் தேற்றமும் பொருந்தாது. கலப்பெண் உறுப்புகள் கொண்ட இந்தச் சமச்சீர் அணி அதைக் காட்டும்:

```
[1  i]
[i -1]
```

சுவடு பூச்சியம், அணிக்கோவை −1 − i², அதாவது பூச்சியம். ஐகன் மதிப்புகள் இரண்டும் பூச்சியம், அணியோ பூச்சிய அணி அல்ல. இதுவும் N-இன் குணம் கொண்டதே. சமச்சீராக இருந்தும் மூலைவிட்டமாக்க முடியாது.

R தளத்தை 90 பாகை சுழற்றும் அணி. மெய்த்தளத்தில் எந்த வெக்டரும் திசை மாறாமல் நிற்பதில்லை. ஐகன் மதிப்புகள் i, −i. 'ஒவ்வொரு மெய்யெண் அணிக்கும் ஒரு மெய் ஐகன் மதிப்பாவது உண்டு' என்பதற்கு இது மறுப்பு. ஒற்றைப்படை வரிசை கொண்ட மெய்யெண் அணிகளுக்கு அந்தக் கூற்று சரி, ஏனெனில் ஒற்றைப்படைப் படி கொண்ட மெய்ப் பல்லுறுப்புக்கோவைக்கு மெய் மூலம் ஒன்று கட்டாயம் இருக்கும். மேலும் R² = −I; ஆகவே பூச்சியமல்லாத எல்லா வெக்டர்களும் R²-க்கு ஐகன் வெக்டர்கள், மெய்யெண்களில் R-க்கோ ஒன்றுகூட இல்லை. A-இன் ஐகன் வெக்டர் A²-க்கும் ஐகன் வெக்டர் என்ற சரியான கூற்றைத் தலைகீழாக்கக் கூடாது என்பதற்கு இந்த அணியே சான்று.

2×2 அணிகளை மட்டும் நம்பினால் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. 'ஒரே சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவையும் ஒரே சிறுமப் பல்லுறுப்புக்கோவையும் கொண்ட அணிகள் வடிவொத்தவை' என்ற கூற்றுக்கு 2×2-இலோ 3×3-இலோ எவ்வளவு தேடினாலும் எதிர் எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்த வரிசைகளில் அது உண்மை. 4×4-இல் உடைகிறது. மூலைவிட்டத்தில் இரண்டு N-களை அடுக்கிய அணி ஒன்று. ஒரே ஒரு N-ஐ வைத்து மற்ற இடங்களில் பூச்சியம் நிரப்பிய அணி மற்றொன்று. இரண்டுக்கும் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை x⁴, சிறுமப் பல்லுறுப்புக்கோவை x². ஆனால் முதல் அணியின் தரம் 2, மற்றதன் தரம் 1. தரம் வேறுபடும் அணிகள் வடிவொத்தவை ஆகா.