இருகம்பித் தொடர்பாட்டையில் எழுநேரம்: விருத்தாசலம் பீங்கான் சூளையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், பொம்மைகள், ஃபியூஸ் கட்டைகள் போன்ற பீங்கான் பொருள்களால் பெயர் பெற்ற ஊராகும். இத்தகைய பொருள்களின் தரம், சூளையின் வெப்பநிலை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. அவ்வெப்பநிலையை அளக்க வெப்ப மின்னிரட்டைகள் பயன்படுகின்றன. எஸ் வகை மின்னிரட்டை 1,200 டிகிரி செல்சியஸில் தருவது ஏறத்தாழ 12 மில்லிவோல்ட் மட்டுமே. இச்சிறு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லுகளுள் எம்சிபி9600 என்பது ஒன்று. அது தன் அளவீட்டை ஐ2சி எனப்படும் இருகம்பித் தொடர்பாட்டை வழியாக நுண்கட்டுப்படுத்திக்கு அனுப்புகிறது. ஒரே பலகைக்குள் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய அந்த ஆட்டையைச் சூளைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே நீட்டும்போது நிகழ்வது என்ன என்பதை இக்கட்டுரை ஒரு கணக்கீட்டு எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

கம்பி தானாக எழுவதில்லை

இவ்வாட்டையில் தரவுக் கம்பி ஒன்றும் கடிகாரக் கம்பி ஒன்றும் உள்ளன. இவற்றோடு இணையும் சில்லுகள் அனைத்தும் ஓப்பன் டிரெய்ன் அமைப்பு உடையவை. அதாவது, சில்லு கம்பியைத் தரையோடு இணைத்துத் தாழ்நிலைக்குக் கொணர முடியும். உயர்நிலைக்குத் தள்ள முடியாது. சில்லு கைவிட்ட கம்பியை மேலே கொண்டுசெல்வது மின்வழங்கலுக்கும் கம்பிக்கும் இடையே வைக்கப்படும் மேலிழுப்பு மின்தடையே. இவ்வமைப்பினால் இரு சில்லுகள் ஒரே நேரத்தில் எதிரெதிராக இயங்கினாலும் குறுக்கிணைப்பு நேராது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை நேரமாகும்.

கம்பிக்கும் தரைக்கும் இடையே ஒரு மின்தேக்குத்திறன் எப்போதும் உண்டு. கம்பிவடம், பலகைத் தடங்கள், சில்லுகளின் முனைகள் ஆகிய அனைத்தும் அதில் பங்கு கொள்கின்றன. மின்தடையின் வழியே அது மின்னேற்றம் பெறும்போது மின்னழுத்தம் செங்குத்தாக எழாமல் வளைந்து ஏறுகிறது. வழங்கு மின்னழுத்தத்தின் 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டை அடைய ஆகும் காலமே எழுநேரம் என ஐ2சி வரையறை கொள்கிறது. மின்னேற்றச் சமன்பாட்டிலிருந்து அது பின்வருமாறு அமையும்:

```
tr = 0.8473 × R × C
```

100 கிலோஹெர்ட்ஸ் முறையில் இக்காலம் 1,000 நானோநொடியையும் 400 கிலோஹெர்ட்ஸ் முறையில் 300 நானோநொடியையும் தாண்டலாகாது. இவ்வரம்புகள் தன்னிச்சையானவை அல்ல. 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மைக்ரோநொடி. அதில் தாழ்நிலைக்குக் குறைந்தது 4.7, உயர்நிலைக்குக் குறைந்தது 4.0, விழுநேரத்திற்கு அதிகபட்சம் 0.3 எனக் கழித்தால் எஞ்சுவது சரியாக 1.0 மைக்ரோநொடி. எழுநேரம் கூடினால் மற்றொன்றின் பங்கில்தான் கைவைக்க வேண்டியிருக்கும்.

மூன்று மீட்டர் வடத்தின் கணக்கு

ஒரு சூளையின் அருகே மூன்று எம்சிபி9600 பலகைகளும், மூன்று மீட்டர் தொலைவில் நுண்கட்டுப்படுத்தியும் உள்ளதாகக் கொள்வோம். வடத்தின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றால் வடத்திற்கு மட்டும் 300. நான்கு சில்லுகளுக்குத் தலா 10 வீதம் 40, தடங்களுக்கு 20 சேர்த்து மொத்தம் 360 பிக்கோஃபாரட். இது வரையறை அனுமதிக்கும் 400க்குள்தான் உள்ளது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மின்தேக்குத்திறன் வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது.

கட்டுப்பாட்டுப் பலகையில் 10 கிலோஓம் மின்தடை ஒன்று மட்டும் இருந்தால் எழுநேரம் ஏறத்தாழ 3.05 மைக்ரோநொடி ஆகிறது. இது வரம்பைப் போல மூன்று மடங்கு. சுழியிலிருந்து 70 விழுக்காட்டை அடைய 4.3 மைக்ரோநொடி வேண்டும். கடிகாரக் கம்பி உண்மையில் எழுந்துவிட்டதா எனப் பார்த்து எண்ணத் தொடங்கும் கட்டுப்படுத்தி, தாழ்நிலைக்கு 5, எழுவதற்கு 4.3, உயர்நிலைக்கு 5 எனச் செலவிட்டு 70 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தானே மெதுவாகிவிடும். இதில் தீங்கு குறைவு. அவ்வாறு பார்க்காமல், கடிகாரக் கம்பியைக் கைவிட்டவுடனேயே தரவைப் படிக்குமாறு எழுதப்பட்ட நிரலில்தான் ஆபத்து உள்ளது.

மெதுவாக எழும் கம்பி செய்யும் பிழை ஒருபக்கச் சாய்வு உடையது. அது 1 என்பதை 0 எனக் காட்டுமேயன்றி 0 என்பதை 1 எனக் காட்டுவது அரிது. எம்சிபி9600 வெப்பநிலையை ஒரு டிகிரியின் பதினாறில் ஒரு பங்கு அலகில் தருகிறது. 1,200 டிகிரி என்பது 1024, 128, 32, 16 ஆகிய மதிப்புடைய பிட்களின் கூட்டு. 0க்குப் பின் வரும் 128இன் பிட் உரிய நேரத்தில் எழாவிடில், படிக்கப்படும் மதிப்பு 1,072 ஆகிவிடும். ஐ2சியின் அடிப்படை வரையறையில் பிழை சரிபார்ப்பு எண் எதுவும் இல்லை. எனவே அப்பொய் மதிப்பு ஐயமின்றி ஏற்கப்படும். சூளை குளிர்ந்துவிட்டதாகக் கருதும் கட்டுப்படுத்தி எரிபொருளைக் கூட்டும். பிழை நீடித்தால் அடுக்கிய பொருள்கள் வளைந்து வீணாகும்.

மின்தடையின் இரு எல்லைகள்

எழுநேரத்தைக் குறைக்க மின்தடையைக் குறைக்கலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சில்லு கம்பியைத் தாழ்த்தும்போது மேலிழுப்பு மின்தடையின் மின்னோட்டம் முழுவதையும் விழுங்க வேண்டும். 3 மில்லிஆம்பியர் விழுங்கும்போது 0.4 வோல்ட்டுக்கு மேல் எழாது என்பதே சில்லு தரும் உறுதி. எனவே 3.3 வோல்ட்டில் கீழ் எல்லை:

```
Rmin = (3.3 − 0.4) / 0.003 = 967 Ω
Rmax(100 kHz) = 1000 ns / (0.8473 × 360 pF) = 3278 Ω
Rmax(400 kHz) = 300 ns / (0.8473 × 360 pF) = 983 Ω
```

100 கிலோஹெர்ட்ஸில் தாராளமாக இடம் இருக்கிறது. 400இல் எஞ்சும் இடைவெளி 16 ஓம் மட்டுமே. மின்தடைகளின் 5 விழுக்காட்டு ஏற்ற இறக்கமே அதை விழுங்கிவிடும். ஆகவே இவ்வடத்தில் 400 கிலோஹெர்ட்ஸ் என்பது தாளில் மட்டுமே சாத்தியம். சூளைக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. எம்சிபி9600 இயங்குவதும் 100 வரையில்தான்.

ஆயத்தப் பலகைகளை வாங்கி இணைப்போர் மறப்பது மற்றொன்று. ஒவ்வொரு பலகையிலும் மேலிழுப்பு மின்தடை பெரும்பாலும் பொருத்தப்பட்டே வரும். அவை இணையிணைப்பில் சேர்ந்து குறையும். மூன்று பலகைகளில் தலா 10 கிலோஓம் இருந்தால் மொத்தம் 3.33 கிலோஓம், எழுநேரம் 1,017 நானோநொடி, வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. அதனோடு 4.7 கிலோஓம் ஒன்றைச் சேர்த்தால் 1.95 கிலோஓம் ஆகி எழுநேரம் 595 நானோநொடிக்கு இறங்கும். இது ஏற்ற தேர்வு. மாறாக, தலா 4.7 கிலோஓம் உடைய ஆறு பலகைகளைக் கோத்தால் 783 ஓம். கீழ் எல்லை மீறப்படுகிறது.

கண்டறியும் வழி

ஆஸிலாஸ்கோப்பில் கடிகார அலை சதுரமாகத் தெரியாமல் சுறாவின் துடுப்பைப் போலச் சாய்ந்து எழுந்தால் காரணம் எழுநேரமே. அளவுமுனையும் ஏறத்தாழ 10 பிக்கோஃபாரட் சேர்க்கும் என்பதால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஸிலாஸ்கோப் இல்லாத இடத்தில் இரு எளிய சோதனைகள் உதவும். மின்சாரத்தைத் துண்டித்து, கம்பிக்கும் வழங்குமுனைக்கும் இடையேயான மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தால் இணையிணைப்பின் மொத்த மதிப்பு ஏறத்தாழ தெரியவரும். கடிகாரத்தை 100இலிருந்து 20 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்ததும் பிழைகள் மறைந்தால் எழுநேரத்தின் மீதான ஐயம் வலுப்பெறும். தாழ்நிலை உரிய அளவு தாழாதிருப்பதால் எழும் பிழை வேகத்தைக் குறைத்தாலும் போகாது.

வடம் பத்து மீட்டரானால் அதன் பங்கு மட்டுமே 1,000 பிக்கோஃபாரட். அது 400 என்ற வரம்பைத் தாண்டுவதால் மின்தடையை மாற்றுவது மட்டும் போதாது, இடைத்தாங்கிச் சில்லு வேண்டும். அதைவிடச் சிறந்தது, மாற்றுச் சில்லைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மின்னிரட்டையின் ஈடுசெய் வடத்தை அதுவரை கொண்டுவருவது. அவ்வடத்தில் மெல்ல மாறும் மில்லிவோல்ட்டே செல்வதால் மின்தேக்குத்திறன் அதனைத் தடுப்பதில்லை. உறையிட்ட முறுக்கு வடமாக இருந்தால் போதும்.