டி.என்.ஏ-வைத் துண்டு துண்டாக நகலெடுக்கும் செல்... கண்டுபிடித்துச் சொன்ன ஜப்பானியத் தம்பதி!

உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், அதற்கு முன்பே அதிலிருக்கும் டி.என்.ஏ முழுவதும் நகலெடுக்கப்பட்டிருக்க வேண்டும். டி.என்.ஏ-வில் இரண்டு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. நகலெடுக்கும்போது இரண்டும் ஜிப் போலப் பிரிந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு புதிய இழை உருவாகிறது. கடைசியில் கிடைக்கும் இரண்டு டி.என்.ஏ-க்களிலும் ஓர் இழை பழசு, ஓர் இழை புதுசு. இதைத்தான் 'பாதி பழமை காக்கும் இரட்டிப்பாதல்' என்கிறார்கள். 1958-ல் மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைச் சோதனை மூலம் நிரூபித்தார்கள்.

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அங்கேதான் ஒரு பெரிய சிக்கலே ஆரம்பித்தது.

ஒரு பக்கம் மட்டுமே நகரும் நொதி

டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஒவ்வோர் இழையின் ஒரு முனைக்கு '5', மறுமுனைக்கு '3' என்று பெயர். ஓர் இழையின் 5 முனை இருக்கும் பக்கத்தில்தான் மற்றதன் 3 முனை இருக்கும். புதிய இழையைக் கட்டும் வேலையைச் செய்வது டி.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி. அது 3 முனையில் மட்டும்தான் அடுத்த எழுத்தைச் சேர்க்கும். 5 முனையில் சேர்க்கவே சேர்க்காது.

பூ கட்டுபவர்களைப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். அடுத்த பூவை நார் நீண்டிருக்கும் பக்கத்தில்தான் கட்ட முடியும். கட்டி முடித்த பக்கத்தில் கட்ட முடியாது. ஜிப் பிரியும் திசையும் கட்டும் திசையும் ஒன்றாக இருக்கும் இழையில் பிரச்னை இல்லை. பாலிமரேஸ் நிற்காமல் கட்டிக்கொண்டே போகலாம். இது 'முன்செல்லும் இழை'. ஆனால், எதிரிலிருக்கும் இழையில் ஜிப் ஒரு திசையில் பிரிகிறது, நொதியோ அதற்கு நேர் எதிர்த் திசையில்தான் நகர முடியும். அப்படியானால் அந்த இழை எப்படி நகலாகிறது?

சில விநாடிச் சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள், ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி ட்சுனேகோ ஒகசாகியும். அந்த இழை சிறுசிறு துண்டுகளாகப் பின்னோக்கிக் கட்டப்பட்டு, பிறகு ஒட்டப்படுகிறது என்பது அவர்களின் யூகம். அப்படியென்றால், ஒட்டுவதற்கு முன்பே அந்தத் துண்டுகளைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும்.

ஈ கோலை பாக்டீரியாவில் நகலெடுப்பு மிக வேகமாக நடக்கும். உடல் வெப்பநிலையில் விநாடிக்குச் சுமார் 1,000 எழுத்துகள். அந்த வேகத்தைக் குறைக்க, பாக்டீரியாவை 20 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். கதிரியக்கம் கொண்ட தைமிடின் என்ற டி.என்.ஏ மூலப்பொருளைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, வேலையைச் சட்டென்று நிறுத்தினார்கள். அந்தச் சில விநாடிகளில் புதிதாகக் கட்டப்பட்ட பகுதியில் மட்டும் கதிரியக்கம் இருக்கும்.

பிறகு டி.என்.ஏ-வைப் பிரித்தெடுத்து, காரக் கரைசலில் இழைகளைத் தனித்தனியாக்கினார்கள். அதைச் சர்க்கரைக் கரைசலின் மேல் ஊற்றி, அதிவேகமாகச் சுழற்றினார்கள். நீளமான இழைகள் குழாயின் அடிக்குப் போகும், குட்டையானவை மேலேயே தங்கும். புதிய இழை தொடர்ச்சியாக வளர்ந்திருந்தால், கதிரியக்கம் ஏற்கெனவே இருக்கும் நீள இழையின் நுனியில் ஒட்டிக்கொண்டு அடிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால், கதிரியக்கத்தின் பெரும்பகுதி மேலேதான் இருந்தது! அங்கே இருந்தவை 1,000 முதல் 2,000 எழுத்துகள் நீளமுள்ள துண்டுகள். கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்தபோது, கதிரியக்கம் நீள இழைகளுக்கு மாறியிருந்தது. அதாவது, துண்டுகள் ஒட்டப்பட்டுவிட்டன.

இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பிரித்தெடுக்கும்போது நீள இழை உடைந்துபோய் இந்தத் துண்டுகள் வந்திருந்தால்? டி.என்.ஏ-வை ஒட்டும் லிகேஸ் என்ற நொதி 1967-ல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த நொதி பழுதான ஒரு வகை டி4 வைரஸை வைத்து ஒகசாகி குழு மீண்டும் சோதித்தது. ஒட்டுவதற்கு ஆள் இல்லாததால், துண்டுகள் ஒட்டப்படாமல் குவிந்து கிடந்தன. 1968-ல் வெளியான இந்த முடிவுகளுக்குப் பிறகு, அவற்றுக்கு 'ஒகசாகி துண்டுகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. துண்டு துண்டாக உருவாகும் அந்த இழைக்குப் பெயர் 'பின்தங்கும் இழை'.

தொடக்கமும் முடிவும்

ஒவ்வொரு துண்டையும் தொடங்கி வைப்பது யார் என்பது அடுத்த கேள்வி. பாலிமரேஸால் வெறும் இழையில் முதல் எழுத்தை வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு 3 முனையை நீட்டத்தான் தெரியும். பூ கட்டும்போது நாரில் முதல் முடிச்சைப் போட்டுக்கொடுப்பது போல, பிரைமேஸ் என்ற நொதி சுமார் 10 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன ஆர்.என்.ஏ-வை முதலில் கட்டுகிறது. அதுதான் பிரைமர். புதிய துண்டுகளின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ ஒட்டியிருப்பதை 1972-ல் ஒகசாகி குழுவே காட்டியது. முன்செல்லும் இழைக்குத் தொடக்கத்தில் ஒரு பிரைமர் போதும். பின்தங்கும் இழையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று தேவை.

பாலிமரேஸ் பிரைமரிலிருந்து நீட்டிக்கொண்டே போய், முந்தைய துண்டின் பிரைமரை முட்டும்போது நிற்கிறது. ஆர்.என்.ஏ அங்கேயே இருந்துவிடக் கூடாது. ஈ கோலையில் பாலிமரேஸ்-1 என்ற இன்னொரு நொதி அதை அகற்றிக்கொண்டே, அந்த இடத்தை டி.என்.ஏ எழுத்துகளால் நிரப்புகிறது. இப்போது எல்லா எழுத்துகளும் இடத்தில் இருக்கின்றன. ஆனால், இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஒரேயொரு பிணைப்பு மட்டும் விடுபட்டிருக்கும்.

அதைப் பாலிமரேஸால் போட முடியாது. புதிதாக வரும் எழுத்து தன்னோடு கொண்டுவரும் ஆற்றலை வைத்துத்தான் அது பிணைப்புப் போடும். இங்கே வர வேண்டிய எழுத்து எதுவும் பாக்கி இல்லை. அதனால் லிகேஸ், ஆற்றலை வேறு இடத்திலிருந்து எடுக்கிறது. மனித செல்லில் ஏ.டி.பி என்ற மூலக்கூறிலிருந்து எடுத்து அந்த இடைவெளியை மூடுகிறது. துண்டு, இழையோடு ஒன்றாகிவிடுகிறது.

ஒட்டும் வேலை தடுமாறினால்?

மனித செல்களில் இந்தத் துண்டுகள் இன்னும் குட்டையானவை. 100 முதல் 200 எழுத்துகள்தான். ஒரு செல்லில் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள் இருப்பதால், ஒருமுறை செல் பிரிவதற்கே 3 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள் ஒட்டப்பட வேண்டும்.

மனிதர்களிடம் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது 'லிகேஸ்-1'. அந்த நொதிக்கான மரபணுவில் குறைபாடு இருந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி மருத்துவ ஆய்விதழ்களில் பதிவு இருக்கிறது. அவருடைய செல்கள் ஒகசாகி துண்டுகளை மிக மெதுவாகவே ஒட்டின. உடல் வளர்ச்சி குன்றியது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவாக இருந்தது. 19 வயதில் அவர் இறந்துபோனார். வேகமாகப் பெருகியாக வேண்டிய எதிர்ப்புச் செல்களுக்கு, ஒட்டும் வேலையில் தாமதம் என்பது பெரிய அடி.

இந்தத் துண்டுகளுக்குப் பெயர் தந்த ரெய்ஜியும் நீண்ட நாள் வாழவில்லை. ஹிரோஷிமாவில் பிறந்தவர் அவர். 1945-ல் அங்கே அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 14 வயது, அந்தக் கதிர்வீச்சுக்கு ஆளானார். 1975-ல், 44 வயதில் ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ட்சுனேகோ ஆய்வை நிறுத்தவில்லை. பிரைமரின் அமைப்பு குறித்து இருவரும் தொடங்கிய ஆராய்ச்சியை அதன்பின் அவரே முன்னெடுத்துச் சென்றார். 2021-ல், ஜப்பானின் உயரிய கௌரவங்களில் ஒன்றான 'ஆர்டர் ஆஃப் கல்ச்சர்' விருது அவருக்கு வழங்கப்பட்டது.