நாளைக்கு வேன் வர வேண்டாம்

ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகம், சீருடையோடு சேர்ந்து கையைக் கடிக்கிற செலவு வேன் கட்டணம். மாதாமாதம் கொடுப்பவர்கள் உண்டு. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று வேன்காரர் சொல்ல, கடன் வாங்கியாவது கட்டிவிடுபவர்களும் உண்டு. பள்ளி நடத்தும் பேருந்தாக இல்லாமல் தனியார் வேனாக இருந்தால் ரசீதுகூடப் பெரும்பாலும் கிடைக்காது. பிள்ளையின் பெயர், ஏறும் இடம், தொகை மூன்றும் ஒரு நோட்டில் ஏறும். அதுதான் ஒப்பந்தம்.

சிக்கல் ஆண்டின் நடுவில் வருகிறது. ஓட்டுநர் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறார், எதிர்த்திசையில் புகுந்து போகிறார், ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பிள்ளைகளை அடைக்கிறார். பெற்றோர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கிறார்கள். பிறகு ஒருநாள் பொறுமை இழந்து, "நாளைக்கு வேன் வர வேண்டாம்" என்று போனில் சத்தம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பணத்தைக் கேட்கும்போது ஓனர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "நீங்களாத்தானே நிறுத்துனீங்க?"

பணம் திரும்பி வருவதும் வராததும் இந்தக் கேள்விக்குப் பெற்றோர் தரும் பதிலைப் பொறுத்தது. வீடு மாறியதாலோ மனம் மாறியதாலோ நிறுத்தினால் ஓனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பாக ஏற்றி இறக்குவதாக ஒப்புக்கொண்டவர் அதைச் செய்யாததால் நிறுத்தினால், ஒப்பந்தத்தை முறித்தவர் அவர்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது தேதி போட்ட சம்பவங்கள். வாய்மொழியாகப் பேசிய ஒப்பந்தமும் இந்தியச் சட்டப்படி ஒப்பந்தமே; தாளில் இல்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. கட்டணம் கட்டியதற்கு ஜிபே பதிவோ வங்கிக் கணக்கு வரியோ போதும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து இதைப் பார்க்கலாம். மகள் நான்காம் வகுப்பு. வேன் கட்டணம் மாதம் 2,000 ரூபாய். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியதால் 20,000-க்குப் பதில் 18,000. பணம் 2025 ஜூன் 2 அன்று ஓனரின் கணக்குக்குப் போயிருக்கிறது. முதல் சம்பவம் ஜூன் 17. ஓட்டுநர் ரவுண்டானாவில் ஒரு கையில் போனோடு வண்டியைத் திருப்பியதை அம்மா பார்க்கிறார். ஜூலை 9 மாலை, பாலத்தின் கீழே எதிர்த்திசையில் வேன் வந்ததை, பைக்கில் வந்த அப்பா பார்த்து, ஓரமாக நிறுத்திப் படம் எடுக்கிறார். ஜூலை 24 அன்று வேனில் பதினான்கு பிள்ளைகள். அன்றிரவே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். "பாத்துக்கிறேன் சார்" என்று பதில் வருகிறது. ஆகஸ்ட் 21 அன்று மகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிடுகிறது. முட்டியில் சிராய்ப்பு. தெருமுனை கிளினிக்கில் கட்டுப் போட்டு ரசீது வாங்குகிறார்கள்.

இந்த நான்கில் எது வலுவானது? பெரும்பாலானவர்கள் அடிபட்டதைச் சொல்வார்கள். நான்காவது சம்பவத்துக்கு வலு சேர்ப்பதே மூன்றாவதுதான். ஓனருக்குத் தெரியும், சரிசெய்வதாகச் சொன்னார், செய்யவில்லை என்பதை அந்த ஒரு வரி வாட்ஸ்அப் பதில் காட்டிவிடுகிறது. போனில் எத்தனை முறை சொன்னாலும் இது கிடைக்காது. ஆகவே வாயால் சொன்னதையும் அன்றே ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும்: "இன்று காலை 8.10-க்கு ரவுண்டானாவில் ஓட்டுநர் போன் பேசியபடி ஓட்டியதைப் பார்த்தேன். இது இனி நடக்கக் கூடாது."

சம்பவத்தை எழுதும்போது பார்த்ததை எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. "டிரைவர் பொறுப்பே இல்லாதவர்" என்பது அபிப்பிராயம், அதை யாரும் மறுத்துவிடலாம். நேரம், இடம், வண்டி எண், என்ன நடந்தது, யார் பார்த்தது என்ற ஐந்தும் இருந்தால் மறுப்பது கடினம். பிள்ளை வந்து சொன்னதாக இருந்தால் "மகள் சொன்னாள்" என்றே எழுத வேண்டும், அதுவும் அவள் சொன்ன வார்த்தைகளிலேயே. "வேகமா போனாரா? ரொம்ப வேகமா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிய பதில், இன்னொரு பெற்றோர் தன் பிள்ளையிடம் விசாரித்ததும் உடைந்துவிடும். "இன்னைக்கு வேன்ல என்ன நடந்துச்சு?" என்ற கேள்வி மட்டும் போதும்.

நடந்ததைச் சட்டத்தின் பெயரால் சொல்ல முடிந்தால் கடிதத்துக்கு எடை கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதலைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதும், எதிர்த்திசையில் ஓட்டுவதும், சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் அந்தப் பிரிவிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றுவது 194ஏ பிரிவின் கீழ் வரும். அனுமதி எத்தனை பேர் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்பதும் தெரியும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்ற அதற்கு அனுமதி இல்லை. இதை வேன் பேசும் நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அந்தக் குடும்பம் ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமையோடு வேனை நிறுத்துகிறது. மறுநாள் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, என் மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல 2025 ஜூன் முதல் 2026 மார்ச் வரை பத்து மாதத்துக்கான கட்டணமாக ரூ.18,000-ஐ 02.06.2025 அன்று தங்கள் கணக்கில் செலுத்தினேன். கீழ்க்கண்ட நாட்களில் தங்கள் ஓட்டுநர் பாதுகாப்பற்ற முறையில் வண்டியை இயக்கினார். (இங்கே நான்கு சம்பவங்களும் தேதி, நேரம், இடத்துடன்.) 24.07.2025 அன்று இதைத் தங்களுக்கு எழுத்தில் தெரிவித்தும் நிலைமை மாறவில்லை. ஆகவே 29.08.2025 பயணத்துடன் இந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்கிறேன். பயன்படுத்தாத ஏழு மாதக் கட்டணம் ரூ.12,600-ஐ 30.09.2025-க்குள் அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

கோபமோ மிரட்டலோ இதில் ஒரு சொல்லும் இல்லை. ஓட்டுநருக்கு எழுதாமல் பணம் வாங்கிய ஓனருக்கு எழுதியிருப்பதும் கவனிக்க வேண்டியது. ஓட்டுநரின் செயலுக்கு அவரை வேலைக்கு வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு தபாலிலும் அனுப்ப வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

ஓனர் உடனே மூன்று கணக்குகளோடு வருவார். முதலாவது, தள்ளுபடி. "வருஷம் முழுக்க வந்தாத்தான் 18,000. மூணு மாசத்துக்கு 2,000 வீதம் 6,000 போக 12,000 தர்றேன்" என்பார். குற்றம் அவர் பக்கம் இருக்கும்போது தள்ளுபடியைப் பறிப்பது சரியல்ல, ஆனால் வித்தியாசம் 600 ரூபாய். உடனே பணம் தருகிறார் என்றால் இதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு மாத நோட்டீஸ். செப்டம்பர் கட்டணத்தையும் கழித்துக்கொள்வேன் என்பார். இதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லி நிறுத்தியவர், இன்னும் ஒரு மாதம் அதே வண்டியில் அனுப்பியிருக்க வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. மூன்றாவது, "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்ட வரி. ஒழுங்காகச் சேவை தருபவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய வரி, ஒழுங்காகத் தராதவருக்குக் கேடயமாகக் கூடாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

அந்த இடம் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கிடைக்கிறது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் கெடு. மேலே உள்ள கடிதத்தில் செப்டம்பர் 30 என்று போட்டதற்குக் காரணம் இதுதான். பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற நடைமுறையே.

கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அது சமரசத்துக்கு வழி; தீர்ப்பு சொல்லும் இடமல்ல. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்காக நடையாய் நடப்பதா என்ற தயக்கம் நியாயமானது. தேதிகளோடு கடிதம் கையில் இருந்தால், ஆணையம் வரை போகத் தயாராக இருக்கிறார் என்பது ஓனருக்குப் புரிந்துவிடும். பேச்சின் தொனி அங்கேயே மாறும். வேனைப் பள்ளியே நடத்தினால் வழி சற்றுக் கரடுமுரடானது. கல்வியும் அதைச் சார்ந்த பணிகளும் நுகர்வோர் சேவைக்குள் வராது என்று பள்ளிகள் வாதிடுவதுண்டு, அதற்குச் சாதகமான உத்தரவுகளும் உண்டு. அங்கே தாளாளருக்கும் கல்வித் துறைக்கும் எழுதுவதே முதல் வழி.

இவ்வளவும் சம்பவங்களைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்த நிமிடமே பிள்ளையை இறக்கிவிட்டு 112-க்குப் பேச வேண்டும். அங்கே ஒரே சம்பவம் போதும். போலீஸ் சோதித்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. சோதிக்காமல் பெற்றோர் குழுவில் "குடிகாரன்" என்று எழுதிப் பரப்பினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

2012 ஜூலை 25 அன்று, தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழக அரசு சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பது அதன் பிறகு வழக்கமானது. பெற்றோர் தாங்களே பேசி அமர்த்திக்கொள்ளும் வேன் அந்த வரிசையில் வந்து நிற்பதில்லை. அதைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது எழுத வேண்டும்.

ஆகவே கடிதத்தின் நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் தனிப் புகாராக அனுப்புங்கள். பணத்தைத் தர முன்வரும் ஓனர், புகாரை வாபஸ் வாங்கினால்தான் தருவேன் என்று கேட்கக்கூடும். அதற்கு இணங்க வேண்டாம். மீதிப் பதின்மூன்று பிள்ளைகள் நாளைக் காலையும் அதே வேனில்தான் ஏறப் போகிறார்கள்.