தூக்கத்துக்கு கிளைசின்: 3 கிராம் கணக்கு எங்கேயிருந்து வந்தது?

மூலக்கொத்தளத்தில் இருந்து துறைமுகத்துக்கு நைட் ஷிஃப்ட் போகிற நண்பர் ஒருவர் கேட்டார்: "கிளைசின் பவுடர் சாப்பிட்டா நல்லா தூக்கம் வருமாமே, உண்மையா?" கொஞ்சம் படித்துப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளைசின் ஒரு அமினோ அமிலம். நம் உடம்பே தயாரிக்கும்; ஆட்டுக்கால் சூப்பிலும் இருக்கும். தண்ணீரில் சுலபமாகக் கரையும், லேசாக இனிக்கும். தூக்கத்துக்குச் சொல்லப்படும் அளவு, படுப்பதற்கு முன் 3 கிராம். ஆய்வுகளில் கொடுத்ததே அதுதான் என்பதால் அந்த எண் நிலைத்துவிட்டது. 1, 3, 5 கிராம் என்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முக்கியமான ஆய்வுகள் ஜப்பானில் நடந்தவை. 2006-ல் தூக்கம் சரியில்லை என்று சொன்ன பெண்களுக்குக் கொடுத்தபோது, காலையில் களைப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். 2007-ல் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்ததில், தூக்கம் சீக்கிரம் பிடித்தது, ஆழ்ந்த தூக்கமும் சீக்கிரம் வந்தது. 2012-ல் ஆரோக்கியமான ஆண்களின் தூக்கத்தை மூன்று இரவுகளுக்கு கால் பங்கு குறைத்தார்கள். கிளைசின் எடுத்தபோது பகல் களைப்பு குறைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு ஆய்விலும் பங்கேற்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு. ஆய்வாளர்களில் பலர் கிளைசின் விற்கும் அஜினோமோட்டோ கம்பெனியின் ஊழியர்கள். அதற்காகப் பொய் என்று சொல்ல முடியாது. வெளியாட்கள் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்கும்வரை நான் இதை "நம்பிக்கை தரும் ஆரம்பம்" என்ற இடத்தில்தான் வைப்பேன்.

எப்படி வேலை செய்கிறது? தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்கணும். கிளைசின் மூளையின் உள்கடிகாரப் பகுதியில் வேலை செய்து, தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று 2015-ல் எலிகளில் காட்டினார்கள். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். நம்ம பக்கம் மே மாதப் பகலில், தகர ஷீட் போட்ட அறையில், கடல் ஈரக்காற்றில் அந்த வெப்பம் எங்கே போகும்? இது என் ஊகம்தான். ஆனாலும் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் முதலில் ஜன்னலுக்குக் கனமான திரையும் ஓடுகிற ஃபேனும் பார்க்கட்டும்.

முயற்சி செய்வதானால், ஒரே ஷிஃப்ட் வாரங்களில் செய்யுங்கள். வீட்டில் ஒருவர் சில பொட்டலங்களில் 3 கிராம் கிளைசினும் சிலதில் 2 கிராம் சர்க்கரையும் கட்டி, எது எந்த நாளுக்கு என்பதை அவர் மட்டும் குறித்து வைக்கட்டும். நீங்கள் கண்விழித்ததும் களைப்புக்கு மார்க் போடுங்கள். பதினாலு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள்.

க்ளோசபின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அதிக அளவு கிளைசின் அந்த மருந்தின் பலனைக் குறைக்கலாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் பவுடர் வாங்காமல் நேரே டாக்டரிடம் போங்க; அது வேற பிரச்சினை.