பழைய அரட்டை புதிய ஃபோனுக்கு வராதது ஏன்?

வாட்ஸ்அப் செய்தி பெறுபவரின் ஃபோனைச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து நீங்கிவிடும். அதன்பின் உரையாடல் இருப்பது அவரவர் ஃபோனில்தான். ஆகவே புதிய ஃபோனில் அதே எண்ணைப் பதிவு செய்தால் கணக்கும் குழுக்களும் வந்துவிடும். பழைய பேச்சு வராது. அது வர வேண்டுமானால் பெரும்பாலும் பழைய ஃபோன் எடுத்துவைத்த பேக்கப்தான் கைகொடுக்கும்.

ஆண்ட்ராய்டில் இந்த பேக்கப் கூகுள் கணக்கில் சேர்கிறது. அதை மீட்கத் தொலைபேசி எண், கூகுள் கணக்கு இரண்டுமே பேக்கப் எடுத்தபோது இருந்தவையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இடறுவது இரண்டாவதில்தான். ஒரு கடைக்காரர் பழைய ஃபோனில் கடைக்கென ஒரு ஜிமெயிலும் சொந்தமாக ஒன்றும் வைத்திருந்தார் என்று கொள்வோம். பேக்கப் போனது கடைக் கணக்குக்கு. புதிய ஃபோனில் சொந்தக் கணக்கை மட்டும் சேர்த்துவிட்டு எண்ணைப் பதிவு செய்தால், பேக்கப் எதுவும் இல்லை என்றே திரை சொல்லும். பேக்கப் அழியவில்லை, தேடிய இடம்தான் வேறு. கடைக் கணக்கையும் ஃபோனில் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவி எண்ணைச் சரிபார்த்தால் அது தென்படும்.

மீண்டும் நிறுவுவது எதற்கு? எண்ணைச் சரிபார்த்த கையோடு, அந்த ஒரு கட்டத்தில்தான் மீட்கவா என்று வாட்ஸ்அப் கேட்கிறது. அவசரத்தில் தவிர்த்துவிட்டு உள்ளே போனவருக்கு அமைப்புகளில் அதற்கென ஒரு பொத்தானும் கிடையாது. ஆபத்தும் இங்கேதான். வெறும் ஃபோனிலிருந்து அதே கணக்குக்குப் புதிய பேக்கப் போனால், பழையதன் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தவறு தெரிந்தவுடனே, அன்றிரவு பேக்கப் ஓடுவதற்கு முன்பே, செயலியை நீக்குவது நல்லது.

சில சமயம் பேக்கப் இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் பழையதாக இருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் கணக்கில் சேர்கிறது. புகைப்படங்களால் அந்த இடம் நிரம்பிவிட்டால் புதிய பேக்கப் ஏறாது. மறையாக்கத்தை இயக்கியவர் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால், பேக்கப் கண்முன்னே இருந்தும் திறக்காது. நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

கூகுளில் கிடைக்காதபோது பழைய ஃபோனின் நினைவகத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு நகல் தினமும் அதிகாலை 2 மணியளவில் எழுதப்படுகிறது. அது இருக்கும் கோப்புறை:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

இந்தக் கோப்புறையைப் புதிய ஃபோனில் இதே இடத்தில் வைத்துவிட்டு, பிறகு எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்.

ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்குக் கூகுள் பேக்கப் உதவாது. அவர்களுக்கு ஆப்பிளின் Move to iOS செயலிதான் வழி. யாராக இருந்தாலும், பழைய ஃபோனைக் கைமாற்றுமுன் அதில் Settings > Chats > Chat backup பக்கத்தைத் திறந்து, கடைசி பேக்கப்பின் தேதியையும் அது போன கணக்கின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.